பதினொன்றாம் தேதி என்ன செய்வீர்கள்?

கேள்வி: எனக்கு 39 வயது. சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் எனக்கு வேலை, மாதச் சம்பளம் 34,000 ராண்ட். மனைவி பள்ளி ஆசிரியை. பிடித்தம் எல்லாம் போக இரண்டு பேருக்கும் சேர்ந்து கைக்கு வருவது 52,000. ஒன்றரை வருடமாக மாலை நேரத்தில் தங்கமும் அமெரிக்கப் பங்குக் குறியீடான US30-ம் டிரேட் செய்கிறேன். போன செப்டம்பரில் கணக்கு காலியானபோது, வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டி வைத்திருந்ததில் இருந்து 9,000 எடுத்துப் போட்டேன். அதுவும் போனது. அவளுக்குத் தெரிந்ததும் பெரிய சண்டை. இனி மாதம் 4,000-க்கு மேல் போடமாட்டேன் என்று சொன்னேன். ‘அது பத்தாம் தேதியே போய்விட்டால் பதினொன்றாம் தேதி என்ன செய்வீங்க?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓய்வூதிய நிதியில் எடுக்கக்கூடிய பணம் 20,000 இருக்கிறது. அதை முதலாகப் போட்டால் வீட்டுப் பணத்தைத் தொடவே வேண்டாமே என்றும் தோன்றுகிறது. எவ்வளவு தொகை நியாயம்? அவளுக்கு எப்படி உறுதி கொடுப்பது? மாதச் செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: பதினொன்றாம் தேதி ஒன்றும் செய்யக் கூடாது. பணம் தீர்ந்தால் அடுத்த தவணை வரும் வரை கணக்கு அப்படியே கிடக்க வேண்டும். உங்கள் மனைவி எதிர்பார்த்த பதில் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார், செப்டம்பருக்குப் பிறகு நம்பவும் தேவையில்லை. பதினொன்றாம் தேதி நீங்களே நினைத்தாலும் போட முடியாதபடி பணத்தின் வழிகளை மாற்றி வைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைத்தான் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். தொகை அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் அந்த 4,000. உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். வீட்டுக் கடன், கார், பெட்ரோல், மளிகை, பள்ளிக் கட்டணம், மெடிக்கல் எய்ட், நகராட்சி பில், இன்சூரன்ஸ், உங்கள் அம்மாவுக்குக் கொடுப்பது, போன் எல்லாம் சேர்ந்து 47,200. மீதி 4,800. அதில் 4,000 கேட்டிருக்கிறீர்கள். அதாவது இந்த வீட்டில் மிஞ்சுவது ஏறக்குறைய முழுவதும் டிரேடிங்குக்கு என்று ஆகிறது. நீங்கள் அப்படி நினைத்துக் கேட்டிருக்க மாட்டீர்கள். பட்டியலில் மாதாமாதம் வருவது மட்டும் இருப்பதால் 4,800 பெரிதாகத் தெரிகிறது.

வருடத்துக்கு ஒருமுறை வருவது எதுவும் அதில் இல்லை. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடை, நோட்டுப் புத்தகம். தீபாவளி, புரட்டாசி, காவடி. கார் லைசென்ஸ், டயர். இதற்கெல்லாம் வருடத்துக்கு 18,000 என்று வைத்தால்கூட மாதம் 1,500 ஒதுக்கினால்தான் கட்டும். மீதி 3,300. அப்புறம் சேமிப்பு: மாதம் 2,000 என்று வைக்கிறேன், குறைவுதான், இருந்தாலும் நிற்காமல் போகட்டும். மீதி 1,300. இதுதான் உண்மையில் இந்த வீட்டில் கணக்குக் கேட்காமல் செலவு செய்யக்கூடிய பணம். இதில் பாதி உங்கள் மனைவிக்குச் சொந்தம். அவர் புடவை வாங்கலாம், தோழியோடு வெளியே போகலாம், சும்மா சேர்த்தும் வைக்கலாம். நீங்கள் கேட்க முடியாது. உங்கள் பங்கு 650 ராண்ட்.

650-ஆ என்று சிரிப்பு வரலாம். டிரேடிங் செய்பவர்கள் எல்லோரும் தொகையை முதலில் சொல்லிவிட்டு, சேமிப்பை அதற்குப் பின்னால் தள்ளுகிறார்கள். வரிசையைத் திருப்பினால் தொகை இப்படித்தான் சுருங்கும். சரியான தொகைக்கு ஒரு சோதனை உண்டு. பன்னிரண்டு மாதமும் முழுவதும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, அதனால் வீட்டில் எது நடக்காமல் போகும் என்று மனைவியைக் கேளுங்கள். 4,000 என்றால் வருடத்துக்கு 48,000. அவரால் உடனே நாலு விஷயம் சொல்ல முடியும். 650 என்றால் 7,800. வலிக்கும், ஆனால் எதுவும் நிற்காது. அந்தக் கேள்விக்கு அவர் ‘ஒண்ணும் நிக்காது’ என்று சொல்லும் தொகைதான் உங்கள் தொகை. தொகையைப் பொறுத்தவரை கடைசி வார்த்தை அவருடையது. அதற்குள் எதை வாங்குவது, எப்போது விற்பது என்பதில் அவர் தலையிட மாட்டார். இந்தப் பிரிவு தெளிவாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

அதைத் தொடங்குவதற்கு முன் செப்டம்பரின் 9,000 திரும்பிப் போக வேண்டும். மூன்று மாதம் டிரேடிங்கே வேண்டாம். ஒதுக்கீடுகளில் 1,500 மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மீதி 3,300-ஐ அப்படியே வீட்டுக் கடனில் போடுங்கள். மூன்று மாதத்தில் 9,900. எடுத்த பணமும், அதற்கு இதுவரை ஏறிய வட்டியும் ஏறக்குறைய அடங்கிவிடும். இந்த மூன்று மாதம் மனைவியின் கையிலும் செலவுக் காசு இருக்காது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எடுத்ததை அவரும் சேர்ந்து கட்டுகிறார். ‘உறுதி எப்படிக் கொடுப்பது’ என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உறுதி இல்லை.

இனி, ‘மாதம் இவ்வளவு’ என்பதற்கு என்ன பொருள் என்று இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். ‘மாதம் 650-க்கு மேல் நஷ்டப்பட மாட்டேன்’ என்று வைத்தால் அது வேலை செய்யாது. திறந்திருக்கும் டிரேடில் 500 ராண்ட் கீழே போயிருக்கும்போது அது இன்னும் நஷ்டம் இல்லை, திரும்பி வந்துவிடும் என்று மனது வாதாடும். ஆகவே எல்லையை நஷ்டத்தின் மேல் வைக்காதீர்கள், உள்ளே போடும் பணத்தின் மேல் வையுங்கள். புரோக்கர் கணக்குக்குள் ஒரு மாதத்தில் போகும் மொத்தப் பணம் 650. போன நிமிடமே அது செலவானதாக வீட்டுக் கணக்கில் எழுதிவிடுங்கள், சினிமா டிக்கெட் வாங்கினது மாதிரி. போடாத மாதத்தின் 650-ஐ அடுத்த மாதத்துக்குச் சேர்த்து வைக்கலாம். அடுத்த மாதத்தின் 650-ஐ இந்த மாதத்துக்கு இழுக்க முடியாது.

தேதியும் முக்கியம். உங்களுக்கு 25-ஆம் தேதி சம்பளம் என்றால், அன்றே போடாதீர்கள். 1-ஆம் தேதி டெபிட் ஆர்டர் எல்லாம் போய் முடியட்டும். 3-ஆம் தேதி, தானாகப் போகும்படி, 650 போகட்டும். ‘இந்த மாசம் மட்டும் ரெண்டு நாள் முன்னாடி’ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால், ஏற்பாடு தளர ஆரம்பித்துவிட்டது என்று மனைவி எடுத்துக்கொள்ளலாம்.

எல்லை எந்த நிமிடத்தில் உடைகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நம் நேரப்படி வருடத்தில் பாதிக்கு மேல் மாலை 3:30-க்கும், மீதி மாதங்களில் 4:30-க்கும் நியூயார்க் சந்தை திறக்கிறது. முதல் அரை மணியில் US30 துள்ளும். நீங்கள் இருக்கும் பக்கத்துக்கு எதிராகப் போனால் டிரேடுக்கு ஈடாக நிற்கும் பணமான மார்ஜினின் அளவு இறங்கும், ஆப் சிவப்பில் எச்சரிக்கும், பக்கத்திலேயே பணம் போடும் பட்டன் இருக்கும். புது டிரேடுக்காகக் கூடுதல் பணம் போடுகிறவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். செத்துக்கொண்டிருக்கும் பழைய டிரேடைக் காப்பாற்றத்தான் போடுகிறார்கள். போடாமல் விட்டால் என்ன ஆகும்? மார்ஜின் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனதும் புரோக்கர் சிஸ்டமே டிரேடை மூடிவிடும். ஸ்டாப் அவுட் என்பார்கள். அந்த நேரத்தில் அது அநியாயமாகத் தெரியும். உண்மையில் உங்கள் மாத எல்லை தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். விடுங்கள், மூடட்டும்.

அந்தப் பட்டனுக்குப் பின்னால் பணம் இல்லாமல் செய்வதுதான் அடுத்த வேலை. செலவே இல்லாத சாதாரண வங்கிக் கணக்கு ஒன்றைத் தனியாகத் திறங்கள். ஓவர்டிராஃப்ட் வேண்டாம், கிரெடிட் கார்டு வேண்டாம். புரோக்கரோடு இணைந்திருப்பது அந்தக் கணக்கின் டெபிட் கார்டு மட்டும். சம்பளக் கணக்கின் கார்டும் கிரெடிட் கார்டும் புரோக்கர் ஆப்பில் சேமித்திருந்தால் இன்றே நீக்குங்கள். உடனடி இஎஃப்டி வழியாகவும் பணம் போடலாம் என்பதால், சம்பளக் கணக்கின் தினசரி அனுப்பும் வரம்பையும் குறையுங்கள்.

அப்புறம் வீட்டுக் கடன். இந்த நாட்டில் நம் குடும்பங்களின் அவசரகாலப் பணம் பெரும்பாலும் ஆக்சஸ் பாண்டில், அதாவது கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கக்கூடிய வீட்டுக் கடனில்தான் கிடக்கிறது. கூடுதலாகக் கட்டிய பணத்துக்குக் கடன் வட்டி விகிதத்திலேயே வட்டி மிச்சமாகிறது, அந்த மிச்சத்துக்கு வரியும் இல்லை. சேமிக்க நல்ல இடம். ஆனால் ஆப்பில் இரண்டு தட்டில் வெளியே வந்துவிடும், செப்டம்பரில் வந்த மாதிரி. இரண்டு வழி இருக்கிறது. கடனுக்கான ஆப் அனுமதியை உங்கள் போனில் இருந்து எடுத்துவிட்டு மனைவியின் போனில் மட்டும் வைக்க முடியுமா என்று வங்கியைக் கேளுங்கள். முடியாது என்றால், இனிமேல் சேமிக்கும் மாதம் 2,000-ஐ 32 நாள் நோட்டீஸ் கணக்கில் போடுங்கள். அதில் பணம் கேட்டு 32 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். வட்டி கொஞ்சம் குறைவாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு அந்தக் காத்திருப்புதான் தேவை. ஒரு டிரேடைக் காப்பாற்ற வேண்டும் என்ற வேகம் 32 நாள் தாங்காது. நிஜமான அவசரத்துக்கு ஒரு மாதச் செலவை மட்டும் சாதாரண சேமிப்புக் கணக்கில், மனைவியின் பெயரில், வைத்துக்கொண்டால் போதும்.

ஓய்வூதிய நிதியின் 20,000 பற்றி: வேண்டாம். 2024 செப்டம்பர் 1-இல் டூ-பாட் முறை வந்ததிலிருந்து நீங்கள் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பகுதிக்குப் போகிறது. வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட், எடுக்கலாம். ஆனால் எடுக்கும் தொகை முழுவதும் அந்த ஆண்டின் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். உங்கள் சம்பளத்துக்குக் கடைசி ராண்டின் வரி 31 சதவீதம். 20,000 எடுத்தால் 6,200 வரித்துறையான சார்ஸுக்கு. நிதிக்காரர்களின் கட்டணம் போவதற்கு முன்பே உங்கள் கையில் 13,800. முதல் டிரேட் போடும் முன்பே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். தவிர, அது வீட்டுப் பணம் இல்லை என்று நீங்கள் எண்ணுவதே தவறு. உங்கள் 65 வயதில் வீட்டை நடத்தப்போகும் பணம் அது. பிள்ளைகள் பெயரிலோ உங்கள் பெயரிலோ வரியில்லா சேமிப்புக் கணக்கு இருந்தால் அதற்கும் இதே பேச்சு. அதில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் போடக்கூடியது 5 லட்சம் ராண்ட் மட்டுமே. இடையில் எடுத்துவிட்டு மறுபடி போட்டால், மறுபடி போட்டதும் புதிதாகப் போட்டதாகவே எண்ணப்படும். எடுத்த இடம் திரும்பக் கிடைக்காது.

இப்போது, 650 ராண்டை வைத்து எதை டிரேட் செய்ய முடியும்? இதை யாரும் பேசுவதில்லை. கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 18 ராண்ட் என்று வைக்கிறேன். பெரும்பாலான புரோக்கர்களிடம் தங்கத்தின், அதாவது XAUUSD-இன், மிகச் சிறிய அளவு 0.01 லாட். அது ஒரு அவுன்ஸ். தங்கம் ஒரு டாலர் நகர்ந்தால் உங்களுக்கு ஒரு டாலர். தங்கம் ஒரே நாளில் 30, 40 டாலரோ அதற்கு மேலோ ஏறி இறங்குவது இப்போது சாதாரணம், ஆகவே மூச்சு விட இடம் கொடுத்து 20 டாலர் தூரத்தில், டிரேடைத் தானாக மூடும் ஸ்டாப் லாஸ் வைக்கிறீர்கள். அடிபட்டால் 360 ராண்ட். 650-இல் பாதிக்கு மேல் ஒரே டிரேடில். இரண்டாவது டிரேடில் கணக்கு முடிந்தது. 4,000 வைத்திருந்தாலும் பதினொரு தடவை அடிபட்டால் காலி. அதுவும் நீங்கள் 0.01-க்கு மேல் போகாமல் இருந்தால். பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும் என்று உங்கள் மனைவிக்குத் தோன்றியதற்கு இந்தக் கணக்கே போதும். உங்கள் செப்டம்பர் கணக்கு காலியானதில் திறமைக்கு எவ்வளவு பங்கோ தெரியாது, அளவுக்குப் பெரிய பங்கு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

யூரோ-டாலர் ஜோடியான EURUSD-ஐப் பாருங்கள். 0.01 லாட்டில் ஒரு பிப், அதாவது விலையின் நான்காவது தசம இலக்கத்தில் ஒன்று, நகர்ந்தால் 10 சென்ட், அதாவது 1.80 ராண்ட். 20 பிப் ஸ்டாப் லாஸ் அடிபட்டால் 36 ராண்ட், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான ஸ்ப்ரெட் தனி. 650-இல் இது ஐந்தரை சதவீதம்; இன்னும் அதிகம்தான். ஆனால் 650-ஐ மூன்று மாதம் டிரேட் செய்யாமல் சேர்த்து 1,950 ஆனதும் தொடங்கினால், அதே 36 ராண்ட் 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். ஆறு மாதம் பொறுத்தால் 3,900, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு டிரேடில் கணக்கின் ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று எல்லா டிரேடரும் சொல்கிறார்கள். அந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாத பண்டத்தை, அந்தத் தொகையில் தொடக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். தங்கத்தில் 20 டாலர் ஸ்டாப் வைத்து 2 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமானால் கணக்கில் 18,000 ராண்ட் இருக்க வேண்டும். உங்கள் மாதத் தொகையில் அது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே தங்கமும் US30-ம் இப்போதைக்கு இல்லை. சென்ட் கணக்கு என்று சில புரோக்கர்கள் தருகிறார்கள், அதில் இதே லாட் நூறில் ஒரு பங்கு. தங்கத்தை விட மனமில்லை என்றால் அதில் பழகலாம். இல்லை, டிரேடிங்கை விட்டுவிட்டு ஜோகன்னஸ்பர்க் சந்தையான ஜேஎஸ்இ-யின் பங்குகளைத் துண்டு துண்டாக வாங்கினால் 650-க்கு, கையிலுள்ளதைவிடப் பெரிய தொகைக்கு டிரேட் செய்யும் லீவரேஜே தேவைப்படாது. என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. நீங்கள் என்னை அதைக் கேட்கவில்லை.

லாபம் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள், வந்த பிறகு பேசினால் பேச்சு ஒருதலையாகிவிடும். டர்பனின் ஃபீனிக்ஸில் இருந்து வந்த ஒரு தம்பதி என் மேஜையில் இதை முடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் அனுமதியோடு, அடையாளம் இல்லாமல் சொல்கிறேன். கணவர், “லாபம் டிரேடிங் பணம்தானே, அதிலேயே இருக்கட்டும்மா” என்றார்.

“சரிங்க, எவ்வளவு நாளைக்கு?”

“பெருகுற வரைக்கும்.”

“போன வருஷமும் பெருகிச்சு. 7,000 வரைக்கும் வந்துச்சுன்னு நீங்கதான் காட்டினீங்க. அதில ஒரு ராண்டாவது வீட்டுக்கு வந்துச்சா?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மூணு மாசத்துக்கு ஒருமுறை பார்ப்போம். நான் மொத்தமா போட்டதுக்கு மேல என்ன இருக்கோ, அதில பாதி வீட்டுக்கு” என்றார். “நல்ல வாய்ப்பு வந்தா அதைத் திரும்ப எடுத்துக்கலாமா?” என்று உடனே சேர்த்தும் கேட்டார்.

“வீட்டுக்குள்ள வந்துட்டா அது வீட்டுப் பணம். அது என் சம்பளமா இருந்தாலும் சரி, உங்க லாபமா இருந்தாலும் சரி.”

நான் இதில் ஒரு வரிதான் சேர்த்தேன்: மீதிப் பாதியிலும் ஒரு பகுதியை வரிக்கு ஒதுக்க வேண்டும். அடிக்கடி வாங்கி விற்கும் லாபத்தை, அதுவும் பொருளை வாங்காமல் விலை நகர்வின் மேல் மட்டும் போடும் சிஎஃப்டி டிரேடின் லாபத்தை, சார்ஸ் பொதுவாக வருமானமாகவே பார்க்கும், முதலீட்டு ஆதாயமாக அல்ல. சம்பளத்துக்கு மேல் அது ஏறும்போது உங்கள் விகிதம் 31 சதவீதம். வருடம் முடிந்து வரி வரும்போது கணக்கில் பணம் இல்லை என்றால், அந்த வரியை வீட்டுச் சேமிப்பு கட்டும். எல்லாக் கதவையும் அடைத்த பிறகும் திறந்திருக்கும் கதவு அது.

மனைவி எவ்வளவு பார்க்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. மெட்டாடிரேடரில் பார்க்க மட்டும் அனுமதிக்கும் இன்வெஸ்டர் பாஸ்வேர்டு உண்டு, அதைக் கொடுத்து வையுங்கள். ஆனால் அவர் தினமும் திறந்து பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவுச் சாப்பாட்டில் “இன்னைக்கு ஏன் விற்கல” என்ற பேச்சு வந்தால் இருவருக்கும் நிம்மதி போகும். மாதம் ஒருமுறை, தனிக் கணக்கின் வங்கி ஸ்டேட்மெண்டில் புரோக்கருக்குப் போன வரிகளை மட்டும் பார்த்தால் போதும். ஒரே வரி இருக்க வேண்டும், 650. இரண்டாவது வரி இருந்தாலோ, இன்னொரு புரோக்கர் பெயர் தென்பட்டாலோ, டெபாசிட் போனஸ் வாங்கியிருந்தாலோ, எவரிடமாவது கைமாற்று வாங்கியது தெரிந்தாலோ, ஆறு மாதம் நிறுத்தம் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி நடந்த மாதத்தில் அந்த நிபந்தனையைப் பேசி முடிவெடுக்க உங்கள் இருவராலும் முடியாது.

கடைசியாக, உங்கள் திருமணப் பதிவைத் தேடி எடுங்கள். கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதாமல் சட்டப்படி பதிவு செய்திருந்தால், உங்கள் சொத்தும் கடனும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே கூட்டுச் சொத்து. 1984-ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம், 15-ஆவது பிரிவு, வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ மனைவியின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் உங்கள் பெயரில் உள்ள வங்கி வைப்பை எடுப்பதற்கும், பட்டியலிட்ட பங்குகளைச் சந்தையில் விற்பதற்கும் சம்மதம் தேவையில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது அவரைக் கேட்காமல் நீங்கள் சேமிப்பை டிரேடிங்கில் போடச் சட்டம் தடுக்காது. ஆனால் அதனால் வரும் கடன் அவருடைய தலையிலும் விழும். ‘என் சம்பளம், என் கணக்கு’ என்ற வாதத்துக்கு உங்கள் வீட்டில் இடமில்லை என்பது இதனால்தான்.

இதற்கும் உங்கள் புரோக்கருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சந்தை மூடியிருக்கும்போது விலை தாண்டிக் குதித்தால் ஸ்டாப் லாஸ் நினைத்த இடத்தில் நிற்காது. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். அந்தப் பாக்கியைப் புரோக்கர் உங்களிடம் கேட்பாரா, தானே ஏற்பாரா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கேட்பார் என்றால் உங்கள் 650 என்ற எல்லை உண்மையான எல்லையே இல்லை, கணக்கை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் ஒப்பந்தம் போட்டிருப்பது எந்த நிறுவனத்தோடு? இணையதளத்தின் அடியில் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்சிஏ-வின் உரிம எண் இருக்கும், ஆனால் கணக்கு ஏதோ ஒரு தீவில் பதிவான துணை நிறுவனத்தில் திறந்திருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள பெயரை எஃப்எஸ்சிஏ தளத்தில் தேடிப் பாருங்கள். டிரேடிங் இல்லாத மூன்று மாதத்தில் இந்த வேலையை முடித்துவிடலாம். கணக்கில் ஏதாவது மிச்சம் கிடந்தால் அதையும் இப்போதே வெளியே எடுத்துப் பாருங்கள், எத்தனை நாளில் வந்து சேருகிறது என்று தெரிந்துவிடும்.